டிராக்கர் படுத்த சனிக்கிழமை

எங்கள் அலுவலகத்தில் வாயால் சொன்ன எதற்கும் மதிப்புக் கிடையாது. "டிக்கெட்ல போடுங்க" என்பதுதான் எங்கள் மேனேஜருக்கு வாய்ப்பாடு. காபி மெஷின் ஒழுகினாலும் டிக்கெட்டில் போட வேண்டும். டிராக்கர் என்று நாங்கள் சொல்வது ஒரு இணையதளம். மென்பொருளில் என்ன கோளாறு இருக்கிறது, அதை யார் சரிசெய்கிறார்கள், சரியானதை யார் சோதித்துப் பார்த்தார்கள் என்பதெல்லாம் ஒவ்வொன்றும் ஒரு டிக்கெட்டாக அங்கேதான் இருக்கும். ஒரு ரிலீஸ், அதாவது மென்பொருளின் புதுப் பதிப்பு, வெளியே போகலாமா கூடாதா என்பதையும் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கீழே லேத் பட்டறை, மேலே மூன்றாம் மாடியில் நாங்கள். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்கிற சின்னக் கம்பெனி. நான் டெஸ்டிங் லீட். மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். அந்த வேலைக்கு ஏற்ற நாக்கும் எனக்கு உண்டு என்று வீட்டில் சொல்வார்கள்.

இதற்கு முன் ஒரு ரிலீஸின்போது டிராக்கர் கொஞ்ச நேரம் படுத்துவிட்டது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். அதன் பிறகு, டிராக்கர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று நான் ஒரு திட்டம் எழுதினேன். எழுதி, அழகாக அந்த டிராக்கருக்குள்ளேயே ஒரு பக்கமாகச் சேமித்தேன். பூட்டின வீட்டுக்குள் சாவியை வைத்த கதை. பக்கத்து மேசைப் பையன்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். பிறகு அச்சடித்து பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.

திட்டம் பெரிய விஷயமில்லை. ரிலீஸுக்கு முந்தின நாள் மாலை, இனிமேல் எதையும் சேர்க்கக் கூடாது என்று நிறுத்தியதும், டிராக்கரில் அந்த ரிலீஸுக்கு உரிய எல்லா டிக்கெட்டுகளையும் ஒரு தாளாக இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் டிராக்கர் இல்லையென்றால் அந்தத் தாள்தான் எங்களுக்கு டிராக்கர். புதிதாக ஏதாவது கோளாறு தெரிந்தால் தற்காலிக எண் போட்டு ஒருவர் மட்டும் எழுதுவார். டிராக்கர் திரும்பி வந்த பிறகு எல்லாவற்றையும் உள்ளே ஏற்ற வேண்டும். இது எல்லா ஊரிலும் செய்வதுதான். நான் கூடுதலாகச் சேர்த்தது ஒன்று. தாள் இறக்கிய பிறகு நீ எதையாவது மாற்றினாயா என்று வேலை செய்த ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். அவரவர் வாயால் பதில் வர வேண்டும். ஒருவர் பதில் வராவிட்டாலும் ரிலீஸ் கிடையாது.

"ஸ்கூல் அட்டெண்டன்ஸ் மாதிரி இருக்கே" என்றார் மேனேஜர். ஆனாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை வெளியே போக வேண்டியது பூந்தமல்லியில் இருக்கிற ஒரு பரிசோதனைக் கூடத்துக்கான ரிலீஸ். அவர்கள் சென்னீர்குப்பத்தில் புதுக் கிளை திறக்கிறார்கள். திங்கட்கிழமை திறப்பு. அங்கே வைக்கப் புதிதாக ஒரு பெரிய மெஷின் வாங்கியிருந்தார்கள். அது ரத்தத்தைப் பரிசோதித்ததும் முடிவை நேராக எங்கள் மென்பொருளுக்கு அனுப்பும், மென்பொருள் அந்த முடிவை நோயாளியின் பெயரில் ஏற்றும். நாங்கள் கொடுக்கிற ரிலீஸ் இல்லாவிட்டால் மெஷின் ஒரு பக்கம், கம்ப்யூட்டர் ஒரு பக்கம். நடுவில் ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகக் கையால் ஏற்ற வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற கூட்டமெல்லாம் போன பிறகு, மதியம்தான் பூந்தமல்லியில் இரண்டு கிளைக்கும் பொதுவாக ஓடுகிற கணினியில் கை வைக்க விடுவார்கள். சாயங்காலக் கூட்டம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

காலையில் உட்கார்ந்து டிராக்கரைத் திறந்தேன். வெள்ளையாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. நம் இணைப்புதான் கோளாறோ என்று கைபேசியில் திறந்து பார்த்தேன். அங்கேயும் அதே. அதை நடத்துகிற கம்பெனியின் அறிவிப்புப் பக்கம் மட்டும் திறந்தது. கோளாறு தெரியும், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று போட்டிருந்தார்கள். எப்போது சரியாகும் என்று போடவில்லை.

"கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்றார் மேனேஜர். பார்த்தோம். அது சுற்றிக்கொண்டே இருந்தது.

பீரோவைத் திறந்தேன்.

தாளை மேசையில் விரித்து ஒவ்வொரு வரியாக வாசித்தோம். எல்லாமே 'மூடியது' என்று இருந்தது. அதாவது சரிசெய்து, சோதித்து, முடித்தாயிற்று. போக வேண்டிய பில்டின், அதாவது அனுப்பத் தயாராகக் கட்டி வைத்த மென்பொருளின், எண்ணும் தாளில் இருந்த எண்ணும் ஒன்றுதானா என்று டெவலப்பர் ஒப்பிட்டுப் பார்த்தார். பூந்தமல்லிக்காரர், எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மென்பொருளின் நிரல், எங்கள் பேச்சில் கோடு, வேறொரு இடத்தில் இருப்பதால் அதைப் பார்க்கத் தடையில்லை.

"பில்ட்டுல இன்னா போயிருக்குன்னு நான் காட்டிடுவேன் அக்கா" என்றார் பாய். "ஆனா எது ஒழுங்கா வேலை செய்யலன்னு கோடு சொல்லாது. அது டிராக்கர்லதான் கீது."

அடுத்தது அட்டெண்டன்ஸ். பாயைக் கேட்டேன். நேற்று மாலைக்குப் பிறகு எதையும் தொடவில்லை என்றார். எனக்கு எதிரே உட்கார்கிற டெஸ்டரும் தொடவில்லை. நானும் தொடவில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். மிச்சம் ஒரே ஒருத்தி. மெஷின் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் சோதித்தவள் அவள்தான். அன்று லீவு. பட்டாபிராமில் அவளுக்கு நிச்சயதார்த்தம்.

போன் அடித்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. பட்டுப்புடவை கட்டி மணையில் உட்காரப்போகிறவள் போனை இடுப்பிலா செருகிக்கொண்டிருப்பாள்? வாட்ஸ்அப்பில் கேள்வியைப் போட்டேன். ஒற்றை டிக் விழுந்தது, இரண்டாவது விழவில்லை.

"அந்தப் பொண்ணு நேத்தே எல்லாத்தையும் மூடிட்டுத்தானே போச்சு. தாள்ல இருக்கே" என்றார் மேனேஜர்.

"தாள் எடுத்ததுக்கு அப்புறம் என்னன்னு தாள்ல எப்படி சார் இருக்கும்?"

"மாத்தியிருந்தா மெயில் வந்திருக்குமே."

எனக்குக் கோபம் வந்தது. மெயில் தொல்லை தாங்கவில்லை என்று ஒரு வருடத்துக்கு முன்பு எல்லோருக்கும் அதை நிறுத்தச் சொன்னதே அவர்தான். இப்போது ஒரு டிக்கெட்டில் மாற்றம் நடந்தால், அதை எழுதியவருக்கும் அது யார் பெயரில் நிற்கிறதோ அவருக்கும் மட்டும்தான் மெயில் போகும். அதைச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. லேபின் தலைமை டாக்டர் காலையிலிருந்தே போனில். திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அடித்துவிட்டார்கள். இந்த லேப் கைவிட்டுப் போனால் அடுத்த வருடம் எங்கள் கம்பெனி என்னவாகும் என்பது மூன்றாம் மாடியில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

"ஒருத்தர் போன் எடுக்கலன்னு ரிலீஸை நிறுத்தறதா?" என்றார்.

"திட்டத்துல அப்படித்தான் இருக்கு சார். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"திட்டம் நீங்க எழுதினது."

நான் ஸ்கூட்டி சாவியை எடுத்தேன். "பட்டாபிராம் என்ன அமெரிக்காவிலயா இருக்கு? நான் போய்க் கேட்டுட்டு வர்றேன். நான் போன் பண்ற வரைக்கும் எதையும் போடாதீங்க."

அவர் லேபிலிருந்து வந்த அடுத்த போனை எடுக்கத் திரும்பிக்கொண்டார். எழுதுகிற வேலையை எதிர் மேசை டெஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன்.

வெயில் மண்டையைப் பிளந்தது. திருமுல்லைவாயல் வரை ஓரளவு போய்விட்டேன். ஆவடி மார்க்கெட் பக்கம் வந்ததும் நகர முடியவில்லை. முன்னால் ஒரு மாநகரப் பேருந்து, அதற்கும் முன்னால் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஒன்று குறுக்கே நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. கத்தினேன். "போவலாம் இரும்மா, பறக்கவா முடியும்?" என்றார் ஆட்டோக்காரர். என்னால் முடிந்திருந்தால் பறந்திருப்பேன். மேனேஜர் காத்திருக்க மாட்டார் என்று உள்ளுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. அதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. அவள் ஒன்றும் மாற்றவில்லை என்று சொல்லிவிட்டால்? மதியத்தை வீணாக்கியவள் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிடும். பீரோ கதவிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

பட்டாபிராம் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். தெருவையே அடைத்து வாடகை நாற்காலிகள். மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் போலிருக்கிறது, தட்டுகளை வரிசையாக உள்ளே கொண்டுபோனார்கள். வேர்த்து ஊற்ற, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பூச்சரம்கூட வாங்காமல் நான் நுழைந்தேன். வாசலில் நின்ற அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெண்ணுக்குச் சித்தி என்று பிறகு தெரிந்தது.

"ஆபீஸ்லர்ந்து வர்றேம்மா. அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை கேக்கணும்."

"இன்னாம்மா நீ? பொண்ணை இப்பதான் சோடிச்சு உக்கார வச்சுகினு கீறோம். இன்னிக்குப் போயி ஆபீசுன்னுகினு வர்றியே!"

"ஒரே நிமிஷம்மா. ஒரு லேப் விஷயம். நாலு பேருக்குப் போற ரத்த ரிப்போர்ட்."

அந்த அம்மாளுக்கு என்ன தோன்றியதோ, என் முழங்கையைப் பிடித்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனார். கட்டிலில் தலைநிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அக்கா, வரமாட்டீங்கன்னு நெனச்சேன்!" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாழ்த்துச் சொல்லக்கூட நேரமில்லாமல் கேட்டேன்.

"டிராக்கர் வேலை செய்யல. நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் எதையாவது மாத்துனியா?"

"ஆமாக்கா" என்றாள் சாதாரணமாக. "அந்த ரீ-ரன் டிக்கெட்டைத் திரும்பத் திறந்துட்டேனே. டிக்கெட்ல போட்டிருக்கேனே, பார்க்கலையா?"

விவரமாகச் சொல்லச் சொன்னேன். ஒரு ரத்த மாதிரியை மெஷினில் இரண்டாவது தடவை ஓட்டினால் அது ரீ-ரன். இரண்டாவது முடிவும் அதே ஆளின் பெயரில்தான் விழ வேண்டும். அதில் ஒரு கோளாறு இருந்தது, பாய் சரிசெய்தார், அவள் சோதித்து மூடினாள். நாங்கள் தாளை இறக்கிக்கொண்டோம். கிளம்புவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. பின்னால் இன்னொருவருடைய மாதிரி காத்துக்கொண்டிருக்கும்போது ரீ-ரன் போட்டால் என்னவாகும்? போட்டுப் பார்த்திருக்கிறாள். இரண்டாவது முடிவு காத்திருந்தவருடைய பெயரில் போய் விழுந்திருக்கிறது.

"ஏன்டி, எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"டிக்கெட்ல போட்டா எல்லாருக்கும் சொன்ன மாதிரிதானேக்கா? சார் அப்படித்தானே சொல்லுவாரு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "சார் பார்த்துட்டாரே. ராத்திரியே கீழ பதில் போட்டிருந்தாரு. ரேர் கேஸ், அடுத்த ரிலீஸ்ல பார்த்துக்கலாம்னு" என்றாள்.

எங்கள் அலுவலகத்தில் திரும்பத் திறக்கிற டிக்கெட் முதலில் மேனேஜர் பெயருக்குத்தான் போகும். அவர் பார்த்துதான் டெவலப்பருக்குக் கொடுப்பார். மெயில் போனது இரண்டே பேருக்கு. ஒருத்தி மணையில் உட்காரப்போகிறாள். இன்னொருவர் காலையிலிருந்து என் எதிரில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வரியாக நான் வாசித்தபோது 'ரீ-ரன், மூடியது' என்பதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். டெஸ்டர்களையும் டெவலப்பரையும் கேட்க வேண்டும் என்று எழுதிய நான், மேனேஜரைக் கேட்க வேண்டும் என்று எழுதவில்லை.

தெருவுக்கு ஓடிவந்து பாய்க்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"எங்க கீறீங்க அக்கா? சார் ஆரம்பிக்கச் சொல்லிட்டாரு. பழைய டேட்டாவுக்கு பேக்கப் ஓடிகினு கீது. அது முடிஞ்சதும் புது பில்டைப் போடணுமாம். டாக்டரும் லைன்ல கீறாங்க."

"பேக்கப் முடியட்டும். பில்ட்ல கை வைக்காதீங்க பாய். போனை ஸ்பீக்கர்ல போட்டு மேசை மேல வைங்க."

ஸ்பீக்கரில் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. பந்தலில் மேளக்காரர் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு காதைப் பொத்திக்கொண்டேன். இதைத் தனியாக அவரிடம் சொல்லலாமே, டாக்டர் காதில் விழ வேண்டுமா என்று ஒரு நொடி தோன்றியது. தனியாகச் சொன்னால் 'அடுத்த ரிலீஸ்' என்பார். எனக்கு அவரைத் தெரியும்.

"சார், அட்டெண்டன்ஸ்ல ஒருத்தரைக் கேக்காம விட்டுட்டேன். உங்களை. நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் நீங்க டிராக்கர்ல எதையாவது மாத்துனீங்களா?"

அவர் நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

"ரீ-ரன் டிக்கெட்" என்றார். குரல் கம்மியிருந்தது. "திரும்பத் திறந்திருந்தாங்க. அடுத்த ரிலீஸுக்குத் தள்ளினேன். அது ரொம்ப அரிதா நடக்கறது. நாள் பூரா ஓடினா ஒண்ணு ரெண்டு வரும்."

"என்ன அது?" இன்னொரு போன் வழியாக டாக்டரின் குரல் மெலிதாக வந்தது. மேனேஜர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் முந்திக்கொண்டேன். ஒரு மாதிரியை இரண்டாம் தடவை ஓட்டும்போது பின்னால் வேறொருவர் காத்திருந்தால், அந்த முடிவு அவர் பெயரில் விழுந்துவிடும் என்றேன்.

பிறகு டாக்டர் பேசினார். கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"நாங்க எப்ப ரீ-ரன் போடுவோம் தெரியுமா? முதல் ரிசல்ட் பயமா வந்தா. பொட்டாசியம் எக்கச்சக்கமா இருக்கு, சர்க்கரை அதலபாதாளத்துல இருக்கு, இது நிஜமான்னு உறுதி பண்ணத்தான் ரெண்டாவது வாட்டி ஓட்டுவோம். நல்லா இருக்கறவனுக்கு யாரும் ரீ-ரன் போடறதில்ல. அரிதுன்னு சொல்றீங்களே, அந்த ஒண்ணு ரெண்டு பேருக்காகத்தான் சார் லேபே வச்சிருக்கோம்."

மேளம் நின்றுவிட்டிருந்தது. தெருவில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"பாய், நிறுத்திடுங்க" என்றார் மேனேஜர். அவராகவே சொன்னார். "பேக்கப் முடிஞ்சதும் மூடிடுங்க. பழைய பில்டே ஓடட்டும். டாக்டர், திங்கட்கிழமைக்கு எங்களால முடியாது. என் தப்பு."

திங்கட்கிழமை திறப்பு நடக்கும், முடிவுகளைக் கையால் ஏற்றுவோம், ஒருவர் ஏற்ற இன்னொருவர் சரிபார்க்கட்டும், கையெழுத்துப் போடுவதற்கு முன் நானே ஒவ்வொன்றையும் பார்க்கிறேன் என்றார் டாக்டர். என்றைக்கு ரிலீஸ் தருவீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அதுதான் எங்களுக்கு அடி.

திரும்பி உள்ளே போய் வாழ்த்துச் சொன்னேன். சித்தி விடவில்லை, இலை போட்டு உட்காரவைத்தார். மேனேஜர் மேல் கோபம், அவரை ஒரு வாடிக்கையாளர் காது கேட்க நிறுத்திவைத்துக் கேட்டதில் ஒரு சங்கடம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதி, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கண்ணைக் கரித்தது. பாயசம் சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்று சாயங்காலம் டிராக்கர் உயிர் பெற்றது. அலுவலகத்தில் யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. எதிர் மேசை டெஸ்டர் எழுதி வைத்ததை ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றினோம். ரீ-ரன் டிக்கெட்டைத் திறந்து பார்த்தேன். அவள் எழுதியது இருந்தது, தெளிவாக, படத்தோடு. அதன் கீழே மேனேஜருடைய ஒரு வரி. எதையும் மறைக்கவில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பக்கத்திலேயே 'அடுத்த ரிலீஸ்' என்று குறிச்சொல்லும் போட்டிருந்தார். டிராக்கர் ஒழுங்காக ஓடியிருந்தால், காலைக் கூட்டத்தில் பெரிய திரையில் அந்த வரி எல்லோர் கண்ணுக்கும் வந்திருக்கும்.

நான் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. 'அரிது' என்று எழுதியிருக்கிறது, மேனேஜரே பார்த்திருக்கிறார், சரி, அடுத்த வரி என்று போயிருப்பேன்.